மாற்று விகிதம் திருத்தியதும் மொத்தம் மாறிடுச்சு, நிதிக் குழுவுக்கு மெயில் எப்படி எழுத? (அவசரம்)

கடைசிநாள்: ஒர்க்புக்ல விகிதம் தப்பா இருந்துச்சு, திருத்திட்டேன். இப்ப மொத்தம் ஏன் மாறுச்சுன்னு நிதிக் குழு கேக்குது. நாலு வரி மெயில் வேணும், சாயங்காலத்துக்குள்ள.

தேன்கூடு: எந்த நாணயம்? பழைய விகிதம், புது விகிதம்? மொத்தம் எவ்வளவு மாறியது?

பேரேடு: விகிதத்தை நேர்பார்க்காமலே ஃபைலை அனுப்பிட்டு மெயிலுக்கு வார்த்தை தேடுறீங்க. நல்லா இருக்கு.

கடைசிநாள்: யூரோவிலிருந்து டாலர். Rates ஷீட் B4-ல 1.0850-க்குப் பதில் 1.0580. மார்ச் இன்வாய்ஸ் மொத்தம் 2,60,000 யூரோ. டாலர் மொத்தம் 6,480 கூடிச்சு.

தேன்கூடு: மெயிலை அனுப்பாதீங்க. விகித வித்தியாசம் 0.0270. 2,60,000-ஐ அதால் பெருக்கினால் 7,020 வரணும். 540 குறையுது.

சில்லறை: ரவுண்டிங்தான். எங்க ஷீட்லயும் இதே தொல்லை.

தேன்கூடு: ரவுண்டிங்கில் ஒரு வரிசைக்கு அரை சென்ட்தான் தப்பும். 540-ஐ 0.0270-ஆல் வகுத்தால் சுத்தமாக 20,000 யூரோ வருது. அந்த அளவு இன்வாய்ஸ் B4-ஐப் பார்க்காமல் பழைய விகிதத்திலேயே நிற்குது.

சில்லறை: அப்ப ISFORMULA போட்டா ஃபார்முலா இல்லாத செல் மாட்டிக்குமே.

தேன்கூடு: தொகையை நேரடியாக அடித்திருந்தால் மாட்டும். இப்படி இருந்தால் தப்பிச்சிடும், ஏன்னா இதுவும் ஃபார்முலாதான்:

```
=C14*1.058
```

Ctrl+F, Look in: Formulas, தேடுவது 1.058. கடைசிச் சுழியத்தை எக்செல் விட்டுடும், அதனால 1.0580-னு தேடினால் சிக்காது.

பேரேடு: அதெல்லாம் இருக்கட்டும், விற்பனைக்கு மாதக் கடைசி விகிதமே தப்பு. சராசரி விகிதம்தான் போடணும்.

தேன்கூடு: IAS 21-படி பரிவர்த்தனை நாளின் விகிதம்தான் அடிப்படை. விகிதம் பெரிசா ஆடாத மாதத்துக்குச் சராசரி போதும். B4-ல இருப்பது எதுன்னு அவர் சொல்லவே இல்லையே.

பேரேடு: அதைக் கேக்காம மெயில் எழுதுறது எப்படி?

தேன்கூடு: காரணம் சொல்லும் மெயிலில் விகிதக் கொள்கையை இழுத்தால் இன்னும் பத்துக் கேள்வி வரும். வரிசையைச் சரிசெய்து B4-க்கு இணைத்துட்டு இதை அனுப்புங்க:

> பொருள்: மார்ச் டாலர் மொத்தம், விகிதத் திருத்தம்
>
> வணக்கம். Rates ஷீட் B4-ல் யூரோ விகிதம் 1.0850 என்பதற்குப் பதில் 1.0580 எனப் பதிவாகியிருந்தது. திருத்தியதால் யூரோ இன்வாய்ஸ்களின் டாலர் மதிப்பு 2,75,080-லிருந்து 2,82,100 ஆனது, வித்தியாசம் 7,020 (2,60,000 × 0.0270). யூரோ தொகைகள் எதுவும் மாறவில்லை. முந்தைய ஃபைலில் இருந்து எடுத்த அறிக்கைகளில் பழைய எண்ணே இருக்கும்.

கடைசி வரியை வெட்டிடாதீங்க. பழைய ஃபைலை யாராவது எடுத்து வச்சிருப்பாங்க.

சில்லறை: மன்னிப்பு ஒரு வரி?

பேரேடு: தேவையில்லை. எண் சரியா இருந்தா போதும்.

கடைசிநாள்: வரிசை 14, அப்படியே இருந்துச்சு. 7,020 வந்துடுச்சு. அனுப்பிட்டேன்.

பேரேடு: அது சராசரி விகிதமா, மாதக் கடைசியா?