புதுப்பிப்பு: அப்பாவின் கால் புண்ணும் புகையிலையும்

முன்பு கேட்டது: "அப்பாவுக்குச் சர்க்கரை, கால் விரலில் புண். பீடியை விட்டாச்சு, வெற்றிலையோடு புகையிலை மட்டும் போடுகிறார். அதுவும் ஆகாதா?"

"புகைதான் ரத்தக்குழாயைக் கெடுக்கும், மெல்லுவது வாய்க்குத்தான் கேடு" என்றார் ஒருவர். பாதி சரி. மென்றாலும் நிகோட்டின் ரத்தத்தில் ஏறும், பாதத்துச் சிறு குழாய்கள் சுருங்கும் என்று இங்குள்ள நர்ஸ் அக்கா விளக்கினார். டாக்டரும் அதையே சொன்னார்.

அப்பாவுக்கு எழுந்த அரை மணிக்குள் புகையிலை வேண்டும். அதனால் 4 மி.கி. நிகோட்டின் சூயிங்கம் எழுதிக் கொடுத்தார். வெற்றிலை மாதிரி அரைத்து விழுங்கியதில் விக்கல், நெஞ்செரிச்சல்! காரம் தெரியும்வரை மெதுவாக மென்று கன்னத்தில் ஒதுக்க வேண்டும். காரம் அடங்கினால் மறுபடி மெல்லலாம். அரை மணி போதும். காபி குடித்த கால் மணிக்குள் போட்டால் சரியாக ஏறாது.

அப்புறம், இன்சுலின் போடுபவர்கள் கவனியுங்கள். அப்பா புகையிலையை விட்ட பிறகு ஒரு விடியற்காலை வியர்த்துக் கொட்டியது, பார்த்தால் சர்க்கரை 62. டாக்டர் இன்சுலின் டோஸைக் குறைத்தார். "என் மாமாவுக்கு ஏறியதே" என்கிறார் இன்னொருவர். எடை கூடினால் அப்படியும் ஆகலாமாம்.

புண் சுருங்குகிறது. கால் மரத்துப்போனது அப்படியேதான் இருக்கிறது. வெறும் வெற்றிலை மட்டும் போடலாமா என்று அப்பா இன்னும் பேரம் பேசுகிறார். புகையிலையை நிறுத்த அரசின் இலவச உதவி எண்: 1800-11-2356.