எடுத்த பந்தைப் பைக்குள் திரும்பப் போடாமல் எடுப்பது: ஒரு சொல் தேவை

கயல்விழி எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். பதினோராம் வகுப்புக்கான நிகழ்தகவுப் பயிற்சி நூல் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஓர் இடத்தில் நின்றுவிட்டேன்.

பையில் 5 சிவப்புப் பந்துகள், 3 நீலப் பந்துகள். ஒன்றை எடுத்து வெளியே வைத்துவிட்டு, மிச்சமிருப்பதிலிருந்து இன்னொன்றை எடுக்கிறோம். இப்படி எடுப்பதற்கு ஒரு பெயர் வேண்டும். அத்தியாயம் முழுக்க வருவதால் நீளமாக இருந்தால் தாங்காது. இப்போதைக்குப் 'பதிலீடின்றி எடுத்தல்' என்று போட்டிருக்கிறேன். எனக்கே ஒட்டவில்லை.

சுரேஷ் எழுதியது:

பதிலீடின்றி என்பதில் என்ன குறை? சிறியது, புழக்கத்தில் உள்ள சொல். அதோடு கணக்கைப் பார்த்தாலே பையனுக்குப் பொருள் புரிந்துவிடும். முதல் பந்து சிவப்பாக வர 5/8. ஒன்று குறைந்துவிட்டதால் இரண்டாவது சிவப்பாக வர 4/7. பெருக்கினால் முடிந்தது. சொல்லுக்காக இத்தனை பாடுபட வேண்டுமா?

மரியம் எழுதியது:

சுரேஷ், பாடுபடத்தான் வேண்டும். ஓர் ஊழியர் விடுப்பில் போனால் அவர் இடத்துக்கு வேறொருவரைப் போடுவதுதான் பதிலீடு. எடுத்ததையே திரும்ப வைப்பதை யாரும் அப்படிச் சொல்வதில்லை. பந்துக் கணக்கில் இந்த வேறுபாடு விடையையே மாற்றிவிடும்.

இரண்டும் சிவப்பாக வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எடுத்த சிவப்பையே திரும்பப் போட்டால் 5/8 × 5/8 = 25/64. போடாமல் விட்டால் 5/8 × 4/7 = 20/56, அதாவது 5/14. எடுத்த சிவப்புக்குப் பதிலாக ஒரு நீலத்தைப் போட்டால், பையில் மறுபடி எட்டுப் பந்துகள் இருக்கும், ஆனால் சிவப்பு நான்குதான். விடை 5/8 × 4/8 = 5/16. ஒரே பை, மூன்று விடைகள். 'பதிலீடு' என்ற சொல் மாணவரை இந்த மூன்றாவது கணக்குக்குத்தான் இழுத்துச் செல்லும். 'பதிலீடின்றி' என்று படிப்பவர், அப்படியானால் எடுத்ததையே திரும்பப் போடலாமே என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?

இன்னொன்று. "இரண்டாவது சிவப்பாக வர 4/7" என்று எழுதியது பாதிதான் சரி. முதல் பந்து சிவப்பு என்று தெரிந்தால்தான் 4/7. முதலாவது நீலம் என்றால் 5/7. முதல் பந்தைப் பார்க்காமலே மூடி வைத்துவிட்டால்? இரு வழிகளையும் கூட்ட வேண்டும்: 5/8 × 4/7 + 3/8 × 5/7 = 20/56 + 15/56 = 35/56. அதுவும் 5/8 தான்! என் வகுப்பில் இதை நம்ப மறுப்பவர்களே அதிகம். பை குறைந்தது உண்மை. ஆனால் போனது எந்த நிறம் என்ற செய்தி கிடைக்காதவரை, எட்டுப் பந்துகளில் எது வேண்டுமானாலும் இரண்டாவதாக வர ஒரே அளவு வாய்ப்புத்தான்.

சுரேஷ் எழுதியது:

முதல் பந்தை எடுத்தபோது கண்ணால் பார்த்திருப்போம் அல்லவா? என் 4/7 அதைத்தான் சொன்னது. ஆனாலும் 5/8 கொஞ்சம் தொந்தரவு செய்கிறது. யோசிக்கிறேன்.

இளவழகன் எழுதியது:

அன்பர்களே, கணக்கை மரியம் அம்மா பார்த்துக்கொள்ளட்டும். சொல்லுக்கு வருவோம். 'மீளாவெடுப்பு' என்று முன்மொழிகிறேன். ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வகர உடம்படுமெய், ஆறே எழுத்து. 'மீளா அடிமை' என்று சுந்தரர் பாடிய அதே மீளா. நம்மிடம் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக உள்ள சொல்லாட்சியை விட்டுவிட்டு 'திரும்பப் போடாமல்' என்று நீட்டி முழக்குவானேன்?

'மீள இடுதல்' என்று தொடங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதைச் சேர்த்து எழுதினால் 'மீளவிடுதல்' ஆகும். படிப்பவர் 'மீள விடுதல்' என்று பிரித்துக்கொண்டு, பந்துக்கு விடுதலை கொடுத்துவிடுவார். வேர்ச்சொல்லோடு 'மீளிடுகை' என்றால் வினைத்தொகை, தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் மீள் தன்வினை, பந்து தானாக மீள்வதில்லை, ஒருவர் மீட்க வேண்டும். பிறவினையில் 'மீட்பிலா எடுப்பு' என்று அமைக்கலாம். ஆனால் மீட்பு என்றதும் வெள்ளமும் படகும் நினைவுக்கு வருகின்றன. ஆகவே சுற்றிச் சுற்றி மீளாவெடுப்புக்கே வருகிறேன்.

தேவராஜ் எழுதியது:

நான் மின்விளக்குத் தொழிற்சாலையில் தரச்சோதனை செய்பவன். மாதிரிக்கு எடுத்த விளக்கை அது அணையும்வரை எரியவிட்டுப் பார்ப்போம். திரும்பப் பெட்டியில் வைக்க அங்கே ஒன்றுமில்லை. எங்களுக்கு இப்படி ஒரு பெயரே தேவைப்பட்டதில்லை. கணக்கிலும் திரும்ப வைத்ததாகவே எடுத்துக்கொள்வோம், யாரும் குறை சொன்னதில்லை. பந்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு கவலை?

மரியம் எழுதியது:

தேவராஜ் ஐயா, உங்கள் பெட்டி பெரியது, அதனால் தப்பிக்கிறீர்கள். 500 சிவப்பு, 300 நீலம் என்று பையைப் பெரிதாக்கிப் பாருங்கள். திரும்பப் போட்டால் இரண்டும் சிவப்பாக வர 0.3906. போடாமல் விட்டால் 500/800 × 499/799, ஏறக்குறைய 0.3903. வேறுபாடு நான்காவது தசமத்தில்தான். எட்டுப் பந்தில் 0.39 எங்கே, 0.36 எங்கே! ஆனால் பெரிய பெட்டியானாலும் அதில் பாதியை எடுத்துவிட்டால் இந்தச் சலுகை கிடையாது. பெட்டியோடு ஒப்பிட்டால் மாதிரி மிகச் சிறியதாக இருக்க வேண்டும்.

இளவழகன் ஐயாவுக்கு: மீளாவெடுப்பு கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மீளாதது பந்தா, எடுப்பா, எடுத்தவரா? பதினாறு வயது மாணவர் இலக்கணக் குறிப்பு எழுதிவிட்டுத்தான் கணக்குக்குள் நுழைய வேண்டும் என்றால் அவர் நுழையவே மாட்டார்.

இளவழகன் எழுதியது:

'நிகழ்தகவு' என்ற சொல்லையும் முதலில் கேட்டவர்கள் இப்படித்தான் முகம் சுளித்திருப்பார்கள். இன்று நீங்களே தயங்காமல் எழுதுகிறீர்கள்.

கயல்விழி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இதற்கிடையில் ஒரு பயிற்சியில், ஒரே பிடியில் இரண்டு பந்துகளை அள்ளுகிறார்கள். எட்டிலிருந்து இரண்டைத் தேர்ந்தெடுக்க 28 வழிகள், ஐந்து சிவப்பிலிருந்து இரண்டுக்கு 10 வழிகள். 10/28, அதே 5/14 வருகிறது. அங்கே திரும்பப் போடுவது, போடாதது என்ற பேச்சுக்கே இடமில்லை. அதையும் மீளாவெடுப்பு என்று சொல்லலாமா?

இளவழகன் எழுதியது:

தாராளமாக. எடுத்தது மீளவில்லையே!

மரியம் எழுதியது:

வேண்டாம். ஒரே பிடியில் எடுப்பதும் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைப்பதும் ஒரே விடை தருகின்றன என்பதை மாணவர் தாமே கண்டுபிடிக்க வேண்டும். பெயரை முன்பே ஒட்டிவிட்டால் அந்த மகிழ்ச்சி போய்விடும்.

சரிபார்க்கும் வழி ஒன்றையும் நூலில் சேருங்கள். சிவப்பு-சிவப்பு 20/56, சிவப்பு-நீலம் 15/56, நீலம்-சிவப்பு 15/56, நீலம்-நீலம் 6/56. கூட்டினால் 56/56 வர வேண்டும். 41/56 வந்தால் 'ஒவ்வொரு நிறத்திலும் ஒன்று' என்பதை ஒரே வரிசையில் மட்டும் எண்ணியிருக்கிறார் என்று உடனே தெரிந்துவிடும்.

சுரேஷ் எழுதியது:

எட்டுச் சீட்டுகள் எழுதி எடுத்துப் பார்த்தேன். 5/8 சரிதான் போலிருக்கிறது. என் வாக்கு 'திரும்ப வைக்காமல்' என்பதற்கு.

தேவராஜ் எழுதியது:

எனக்கும் அதுவே.

கயல்விழி எழுதியது:

அப்படியானால் கணக்குகளில் 'திரும்ப வைக்காமல்' என்றே போகட்டும். கலைச்சொல் பட்டியலில் மட்டும் 'மீளிடாமல்' என்று ஒரு வரி சேர்க்கிறேன். கடைசிக் கணக்கில் சிவப்பு வந்தால் திரும்பப் போட வேண்டும், நீலம் வந்தால் போடக் கூடாது. இரண்டாவது பந்து சிவப்பாக வர 25/64 + 15/56. இதற்குப் பெயர் கேட்டு மறுபடி வரமாட்டேன், முழு வாக்கியமாகவே எழுதிவிட்டேன்.

இளவழகன் எழுதியது:

'மீளிடாமல்' வினையெச்சம், அம்மா. பட்டியலில் பெயர்ச்சொல்தான் நிற்க வேண்டும். என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். அந்தக் கடைசிக் கணக்குக்கு 'அரைமீள்' என்று வைத்தால் என்ன?