இராசகேசரி, பரகேசரி: இவற்றுக்கு ஒரு கலைச்சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு,

சோழர் கல்வெட்டுகளைக் கணினியில் பட்டியலிட்டு வருகிறேன். அரசர் பெயருக்கு 'இயற்பெயர்', 'பட்டப்பெயர்' என இரண்டு கட்டம் வைத்தேன். அருள்மொழி இயற்பெயர், இராசராசன் பட்டப்பெயர். அதுவரை சிக்கல் இல்லை. 'மதிரை கொண்ட கோப்பரகேசரி' முதலாம் பராந்தகன், 'வீரபாண்டியன் தலைகொண்ட கோப்பரகேசரி' ஆதித்த கரிகாலன். இவற்றையும் பட்டப்பெயரில் போட்டால், தேடும்போது பரகேசரிகள் எல்லாரும் ஒரே குவியலாக வந்து விழுகிறார்கள். பரகேசரிக்கென்று தனிச்சொல் சொல்லுங்களேன்.

– குடந்தை

> தனிச்சொல் சொல்லுங்களேன்

'குலப்பட்டம்' போதுமே. அப்பா இராசகேசரி என்றால் மகன் பரகேசரி, பேரன் மறுபடி இராசகேசரி.

– சேலம்

> அப்பா இராசகேசரி என்றால் மகன் பரகேசரி

மாறி மாறி வருவது சரி. ஆனால் கணக்கு தலைமுறைக்கு அல்ல, அரியணைக்கு. முதலாம் இராசாதிராசன் இராசகேசரி, அடுத்து ஏறிய தம்பி இரண்டாம் இராசேந்திரன் பரகேசரி, அதற்கடுத்த தம்பி வீரராசேந்திரன் இராசகேசரி. மூவரும் ஒரே தந்தையின் மக்கள். அதனால் 'முறைப்பட்டம்' என்பேன். 'மதிரை கொண்ட' என்பதை 'வெற்றியடை' என்று பிரித்துவிடலாம்.

பிரிப்பதால் என்ன பயன் என்றால், சில கற்களில் இராசகேசரி இராசேந்திர சோழதேவர் என்று 2ஆம் ஆட்சியாண்டு வரும். கங்கைகொண்டவர் என்று குறித்துவிடத் தோன்றும். ஆனால் முதல், இரண்டாம், மூன்றாம் இராசேந்திரர் மூவருமே பரகேசரிகள். அப்படியானால் இவர் 1070இல் பட்டமேறிய முதலாம் குலோத்துங்கன். வேங்கிச் சாளுக்கியருக்குப் பிறந்து, தாய்வழிப் பாட்டன் பெயரைத் தாங்கியவர்; குலோத்துங்கன் என்ற பெயர் சில ஆண்டு கழித்தே கல்லில் ஏறுகிறது. முறைப்பட்டத்தைக் கவனிக்காதவர் அந்தக் கல்லை ஐம்பது ஆண்டுக்கு மேல் முன்னால் தள்ளிவிடுவார்.

– தஞ்சை

ஐயா, எங்கள் ஊர்க் கோயிலில் 'இராசேந்திரசோழ மூவேந்தவேளான்' நிலம் கொடுத்ததாகக் கல்வெட்டு இருக்கிறது. அவர் இதில் எந்த இராசேந்திரர்?

– விழுப்புரம்

அவர் அரசரே இல்லை அம்மா, அதிகாரி. அரசன் பெயரைச் சேர்த்து அதிகாரிகளுக்குப் பட்டம் தருவது அக்கால வழக்கம். கல்வெட்டின் தொடக்கத்தில் 'யாண்டு' என்ற சொல்லுக்கு முன்னால் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ஆட்சி அவருடையது.

– தஞ்சை

> அதனால் 'முறைப்பட்டம்' என்பேன்

சோழருக்குப் பொருந்தும். பாண்டியருக்கு? மாறவர்மன், சடையவர்மன் என்று அங்கும் இரண்டு உண்டு. ஆனால் 13ஆம் நூற்றாண்டில் ஒரே காலத்தில் பல பாண்டியர் ஆள்கிறார்கள், சடையவர்மன் சுந்தரபாண்டியனே ஒருவருக்கு மேல். அங்கே 'முறை' எங்கே இருக்கிறது? 'இணைப்பட்டம்' என்றால் இரண்டு மரபுக்கும் வரும்.

– மதுரை

'இணை' என்றால் இரண்டையும் ஒருவரே சேர்த்துத் தாங்கினார் என்று படாதா? இப்போதைக்குச் சோழருக்கு 'முறைப்பட்டம்' என்றே ஏற்றுகிறேன். 'வெற்றியடை'க்குத் தனிக் கட்டம் போட்டாயிற்று. அடையே இல்லாமல் வெறும் 'கோப்பரகேசரி' என்று நிற்கும் கற்களுக்கு இயற்பெயர்க் கட்டம் காலி. பாண்டியர் பட்டியல் தொடங்கச் சில மாதம் ஆகும். அதற்குள் வேறு சொல் அகப்பட்டால் எழுதுங்கள்.

– குடந்தை