நீளாமலே கடுமை குறைந்த மெசேஜ்: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

இரவுஷிஃப்ட்
டீம் குரூப்பில் 11 பேர் பார்க்க வந்தது இது: "ரிப்போர்ட் ஏன் இன்னும் அனுப்பல? உடனே அனுப்பவும்." பெற்றவர் "சரி" என்று மட்டும் போட்டார். அனுப்பியவர் கோபக்காரர் இல்லை, அவசரத்தில் தட்டியது. பெரிய விளக்கம் வேண்டாம், அதே ஆறு வார்த்தைக்குள் இதை எப்படி மாற்றுவீர்கள்?

சிவப்புமை
முதலில் "ஏன் இன்னும்" போகட்டும். அவை ரிப்போர்ட்டைக் கேட்கவில்லை, காரணத்தைக் கேட்கின்றன. குரூப்பில் அது விசாரணையாகிவிடும். அடுத்து "அனுப்பவும்". நேரில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. "வரிசையில் நிற்கவும்" என்ற போர்டின் குரல் அது. பேச்சுநடையில் தொடங்கிய மெசேஜ் கடைசிச் சொல்லில் போர்டாக மாறுவதுதான் குத்துகிறது.

இப்போது மூன்று வார்த்தை கையில் மிச்சம். "உடனே" என்பதையும் எடுங்கள். அது அவசரத்தைக் காட்டுமே தவிர நேரத்தைச் சொல்லாது. கிடைத்த இடத்தில் நேரமும் காரணமும்:

"ரிப்போர்ட் 4 மணிக்குள்ள அனுப்பிடுறீங்களா? மீட்டிங்குக்கு வேணும்."

எண்ணிப் பாருங்கள், இதுவும் ஆறுதான். இனிப்பு எதுவும் சேர்க்கவில்லை. குற்றம் சொல்லப் போன இடத்தைத் தகவலுக்குக் கொடுத்திருக்கிறது.

மஞ்சள்கோப்பு
இவ்வளவு எதுக்குங்க? முன்னாடி "தயவுசெய்து" போட்டா முடிஞ்சது. இல்லன்னா ஒரு சிரிக்கிற ஸ்மைலி. நான் எல்லாத்துக்கும் அதான் செய்றேன்.

சிவப்புமை
"தயவுசெய்து உடனே அனுப்பவும்" என்று வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், போர்டு இன்னும் பெரிதாகும். மரியாதைச் சொல்லை முன்னால் ஒட்டினாலும் வினைமுற்று மாறாவிட்டால் குரல் மாறாது. "அனுப்பவும்" என்பதை "அனுப்புங்க" ஆக்குங்கள், அதற்குப் பிறகு வேண்டுமானால் "ப்ளீஸ்". ஸ்மைலி ஏற்கெனவே நட்பான வரியில் நன்றாக இருக்கும். "ஏன் இன்னும் அனுப்பல" பக்கத்தில் வைத்தால் குத்தல் சிரிப்பாகப் படும்.

மூன்றாம்மாடி
எனக்கு நேர் எதிர்ப் பிரச்சினைங்க. என் மேனேஜர் எல்லாவற்றையும் எட்டு வரியில் அனுப்புவார், எதைச் செய்யச் சொல்கிறார் என்றே புரியாது. அதைச் சுருக்க வழி உண்டா?

இரவுஷிஃப்ட்
அது தனி இழைங்க 🙂

தாழ்ப்பாள்
சிவப்புமை சொன்னதில் ஒரு இடம் ஒப்பவில்லை. "அனுப்பிடுறீங்களா?" என்று கேட்டால் "பார்க்கிறேன்" என்று பதில் வரும். எங்கள் குரூப்பில் வந்தது. நாலரைக்குத்தான் ஃபைல் கிடைத்தது, மீட்டிங் முடிந்துவிட்டது.

மறுக்க இடமே இல்லாத வேலையைக் கேள்வியாகக் கேட்பது பாசாங்கு. "4 மணிக்குள்ள அனுப்பிடுங்க" என்று நேராகச் சொல்லலாம். வெறும் "அனுப்புங்க"வைவிட "அனுப்பிடுங்க" கொஞ்சம் இளகியது, ஒரு எழுத்துதான் கூடுதல். ஆனால் மேலதிகாரிக்கு எழுதும்போது அதுவே உத்தரவாகிவிடும், அங்கே கேள்விதான் சரி. "கொஞ்சம் அனுப்புங்க" என்று எழுதுபவர்களும் கவனிக்கணும். பேச்சில் அது பணிவு. எழுத்தில், முக்கியமாக டேட்டா கேட்கும்போது, பாதியை மட்டும் அனுப்பச் சொல்வதாக எடுத்துக்கொள்பவர் உண்டு. இன்னொன்று, "நீங்க அனுப்பல" என்பதை "எனக்கு வரல" ஆக்கினால் ஆள்மேல் பழி போகாது. மெயில் வேறு எங்கோ சிக்கியிருக்கவும் வாய்ப்பு உண்டே.

சிவப்புமை
கேள்வி தப்பிக்க இடம் தரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "மீட்டிங்குக்கு வேணும்" இருந்தும் அது தட்டிப்போனால் சிக்கல் அந்த வரியில் இல்லை என்று நினைக்கிறேன்.

தாழ்ப்பாள்
எத்தனை மணி மீட்டிங் என்று அதில் இல்லையே.

வெள்ளிமாலை
என்னை இன்னும் உறுத்துவது வேறொன்று. வேலை முடியும் நேரத்தில் மேலிருந்து வரும்: "ஃப்ரீயானதும் உடனே கூப்பிடுங்க. பேசணும்." கூப்பிட்டால் ஷிஃப்ட் மாற்றம் பற்றிய சின்ன விஷயம். அதற்குள் வேலை போச்சு என்று நினைத்தாகிவிட்டது.

சிவப்புமை
கூப்பிடுவதே பேசத்தான், அதனால் "பேசணும்" வீண். ஃப்ரீயானதும் என்ற பிறகு "உடனே" எதற்கு? அந்த இரண்டு இடத்தில் விஷயத்தை வையுங்கள்: "ஃப்ரீயானதும் கூப்பிடுங்க, ஷிஃப்ட் விஷயம்." நாலு வார்த்தைதான், பயம் போய்விடும். ஆனால் "பேசணும்." என்று ஒற்றைச் சொல்லாக வந்தால் நீளாமல் திருத்த வழி கிடையாது. விஷயம் இல்லாத மெசேஜில் எடுத்துப்போட எதுவும் இல்லை.

மஞ்சள்கோப்பு
அப்போ வெறும் "சரி." கடைசில புள்ளி வச்சா கோபம்னு எடுத்துக்கலாமா?

தாழ்ப்பாள்
எப்போதும் புள்ளி வைப்பவர் வைத்தால் ஒன்றும் இல்லை. வைக்காதவர் திடீரென வைத்தால்தான் யோசிப்பேன். "சரிங்க" போட்டால் அந்தச் சந்தேகமே வராது.

வெள்ளிமாலை
எங்கள் ஆபீஸில் "சரிங்க" வந்தால்தான் பயமே.