வேலை போன செய்தியை அப்பாவிடம் சொல்வதா, மறைப்பதா?

வேளச்சேரிவாசி: சென்னையில் மென்பொருள் நிறுவனம், 6 ஆண்டுப் பணி. ஆட்குறைப்பு என்று சொல்லி, ராஜினாமா எழுதித் தரச் சொல்கிறார்கள். மனைவிக்குத் தெரியும். ஊரில் அப்பாவுக்குத் தெரியாது. தங்கைக்கு வரன் பேசிக்கொண்டிருக்கிறோம். அடுத்த வேலை கிடைக்கும்வரை மறைக்கலாமா?

கரிசல்காடு: மறையுங்கள் தம்பி. வரன் பேசும் நேரத்தில் அண்ணனுக்கு வேலையில்லை என்று தெரிந்தால் பேச்சே மாறிவிடும். ராஜினாமாவையும் எழுதிக்கொடுத்துவிடுங்கள், சான்றிதழில் கறை இருக்காது.

பழைய பேரேடு: சம்பந்தி வீட்டுக்குச் சொல்லாமலிருப்பது வேறு, அப்பாவிடம் மறைப்பது வேறு. பெற்றோர் உங்கள் அலுவலகக் குழுக் காப்பீட்டில்தானே இருக்கிறார்கள்? பெரும்பாலும் அது கடைசிப் பணிநாளோடு முடிந்துவிடும். அதற்கு முன்பே அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிப் பாலிசிக்கு மாற விண்ணப்பித்தால், பழைய நோய்களுக்காக ஏற்கெனவே கழித்த காத்திருப்புக் காலம் கணக்கில் வரும். விட்டுவிட்டால் சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாவற்றுக்கும் முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். அந்தப் படிவத்தில் அப்பாவின் நோய் விவரம் வேண்டும். அவருக்குத் தெரியாமல் எப்படி நிரப்புவீர்கள்?

ராஜினாமா விஷயம்: 'சொந்தக் காரணங்களுக்காக' என்று எழுதிய பிறகு ஆட்குறைப்பு இழப்பீடு கேட்பது கடினம். தொழிலாளி என்ற வரையறைக்குள் வருவோருக்கு ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் என்பது சட்டம். மென்பொருள் ஊழியர் அதற்குள் வருவாரா என்பது வழக்குக்கு வழக்கு மாறும். எனவே தருவதாகச் சொல்லும் தொகையை மின்னஞ்சலில் வாங்காமல் கையெழுத்திடாதீர்கள். பணிக்கொடை எப்படியும் உண்டு. கணக்கிடும் சம்பளம் 40,000 என்றால் அதை 26ஆல் வகுத்து, 15ஆலும் 6ஆலும் பெருக்குங்கள்: ஏறத்தாழ 1,38,460 ரூபாய்.

மஞ்சள்பை: நானும் மறைத்தவன்தான். வீட்டுக் கடனுக்கு அப்பா ஜாமீன். தவணை தவறியதும் வங்கியிலிருந்து அவருக்கே போன் போனது. "பேங்க்காரன் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?" என்றார். மனைவியிடம் உடனே சொல்லிவிடுங்கள்.

கரிசல்காடு: மனைவிக்குத்தான் தெரியும் என்று எழுதியிருக்கிறாரே, முதலில் படியுங்கள். பேரேடு ஐயா, படிவம் சரி. ஆனால் அப்பாவிடம் சொன்னால் அம்மாவுக்குத் தெரியும், பிறகு பெரியம்மாவுக்கு. எங்கள் ஊரில் அதற்கு ஒரு பொழுது போதும்.

வேளச்சேரிவாசி: காப்பீடு இந்த மாதக் கடைசிவரைதான் என்று பதில் வந்துவிட்டது. அப்பாவின் மருந்துச் சீட்டுகள் வேண்டும், ஞாயிறு ஊருக்குப் போகிறேன். சம்பந்தி வீட்டுக்குச் சொல்வதை அவரே முடிவு செய்யட்டும்.

கரிசல்காடு: அவர் போய்ச் சொல்லிவிடுவார். அந்தத் தலைமுறை அப்படி. தங்கையிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், கல்யாணம் அவளுக்குத்தானே.