புதுப்பிப்பு: அம்மாவின் சாம்பார், ஒரே சீட்டில்

நான் கேட்டிருந்தது: “அம்மா போன்ல அரை மணி நேரம் சொன்ன சோறு, சாம்பாரை ஒரு ஒட்டுச்சீட்டுல எப்படி அடக்குறது?”

நேத்து சமைச்சுட்டேன். சீட்டு இதுதான்:

அரிசி 1, தண்ணி 3, மூணு விசில்.
துவரம்பருப்பு அரை டம்ளர், மஞ்சள்தூள், அஞ்சு விசில்.
காய், பொடி, உப்பு. வெந்த பிறகுதான் புளி.
பச்சை வாசனை போனதும் பருப்பு, ஒரு கொதி, தாளிப்பு.

‘பிறகுதான்’ கீழே கோடு போட்டிருக்கேன். முதல் தடவை புளித்தண்ணியிலயே முருங்கைக்காயைப் போட்டு, அரை மணி நேரமாகியும் வேகலை. உப்புதான் காரணம்னு ஒருத்தர் சொன்னார். இந்த முறையும் உப்பை முதல்லயே போட்டேன், நல்லா வெந்துச்சு. புளிப்பு காயை வேகவிடாதுன்னு சொன்ன அக்காவுக்கு நன்றி. குக்கரே இல்லைன்ன தம்பிக்கு விசில் கணக்கு உதவாது, பருப்பு மசியுதான்னு பாருங்க. பெருங்காயம் எப்போன்னு அம்மாவும் சித்தியும் இன்னும் ஒத்துப்போகலை.