ஒப்புதல் வாங்கிய விளக்குப் படம்: அதே சீட் எண், வேறொரு மேசை

தேக்கா_வடிவமைப்பாளன்

சிராங்கூன் சாலையில் இனிப்புக் கடை நடத்தும் ஐயா ஒருவருக்குத் தீபாவளிப் பரிசுப் பெட்டியின் விளம்பரப் படத்தைச் செய்து கொடுத்தேன். பெட்டி உண்மையான புகைப்படம். பின்னணியிலுள்ள குத்துவிளக்கு, வாழையிலை, தேக்கு மேசை, மல்லிகைச் சரம் ஆகியவற்றை மட்டும் என் மேக் மடிக்கணினியில் AUTOMATIC1111 என்ற செயற்கை நுண்ணறிவுப் பட மென்பொருள் வழியாக உருவாக்கியிருந்தேன். ஏழாவது முயற்சியில்தான் அவர் சரி என்றார். பொங்கல் நெருங்கியபோது, "படம் அப்படியே இருக்கட்டும் தம்பி, மல்லிகைக்குப் பதில் சாமந்தி மட்டும் வையுங்கள்" என்று கேட்டார். அந்தப் படத்தை உருவாக்க மென்பொருள் தொடக்கமாக எடுத்துக்கொண்ட சீட் எண் கையில் இருந்ததால் அரை மணி நேர வேலை என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

இதற்கிடையே மேக்கை விற்றுவிட்டு, என்விடியா கார்டு உள்ள மேசைக்கணினி வாங்கியிருந்தேன். மூலப் படக்கோப்பு மேக்கோடு போய்விட்டது. அச்சுக்குச் சென்ற கோப்பில் வாழ்த்து எழுத்துகள் பின்னணியோடு ஒட்டிக்கிடந்தன. வேலைக் குறிப்பில் ஒட்டி வைத்திருந்த இந்த வரியும், என்ன படம் வேண்டும் என்று அதற்கு மேல் நான் எழுதியிருந்த விவரிப்பும் மட்டுமே எஞ்சின:

```
Steps: 28, Sampler: Euler a, CFG scale: 6, Seed: 2718440193, Size: 1024x1024, Model hash: 31e35c80fc, Model: sd_xl_base_1.0
```

எதையும் மாற்றாமல் ஓட்டினேன். மேசை வேறு, விளக்கு இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்குப் போயிருந்தது. பூவை மட்டும் மாற்றி அனுப்பினால் தெரியாது என்று நினைத்து அனுப்பியது என் தவறு. ஐயா கடை வாசலில் தொங்கிய பழைய பதாகைக்குப் பக்கத்தில் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு, "இது என் விளக்கு இல்லையே" என்றார். அந்தக் கை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. எங்கே பிசகினேன்?

உட்லண்ட்ஸ்_சோப்புக்காரர்

நண்பரே, சீட் எண் என்பது படத்தின் அடையாள எண் போன்றது. அதே எண்ணும் அதே விவரிப்பும் இருந்தால் அதே படம் வந்தே தீரும். ஆகவே விவரிப்பை நகலெடுத்தபோது ஒரு காற்புள்ளியையாவது தவறவிட்டிருப்பீர்கள். என் மூலிகைச் சோப்புப் படத்தில் நீலத் துணியைப் பச்சையாக்க ஒரே ஒரு சொல்லைத்தான் மாற்றினேன். சோப்பும் கல்லும் இருந்த இடத்திலேயே இருந்தன. கணினியை மாற்றியதெல்லாம் காரணமாக இருக்க முடியாது.

ஊபி_அச்சகம்

மேலே சோப்புக்காரர் சொன்னதில் பாதி சரி; ஆனால் கணினி காரணமாக இருக்க முடியாது என்பது தவறு. சீட் எண்ணுக்குள் படம் எதுவும் இல்லை. தொடக்கத்தில் தூவப்படும் இரைச்சலை எந்த வரிசையில் தூவ வேண்டும் என்பதை மட்டுமே அது சொல்கிறது. அந்த இரைச்சலிலிருந்துதான் படம் படிப்படியாகத் துலங்குகிறது. அந்த மென்பொருள் மேக்கில் இயங்கும்போது இரைச்சலைச் சிபியுவில் உண்டாக்குகிறது. என்விடியா கணினியில் அமைப்பை மாற்றாமல் விட்டால் கார்டிலேயே உண்டாக்குகிறது. எண் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் தூவுவது வெவ்வேறு இரைச்சல். தம்பி ஒட்டிய வரியிலும் இது எங்கே உண்டானது என்ற தகவல் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

எதில் பிசகு என்பதை ஓரளவு கண்ணாலேயே ஊகிக்கலாம். விளக்கு இடம் மாறி மேசையே வேறாகிவிட்டால் முதலில் இரைச்சலைச் சந்தேகிப்பேன். பொருள்கள் இருந்த இடத்திலேயே இருந்து, பித்தளையின் மினுக்கும் இலையின் விளிம்பும் மட்டும் சற்று மாறியிருந்தால், கணக்கிடும் துல்லியத்தில் வந்த சிறு வேறுபாடாக இருக்கலாம். படத்தை உருவாக்கும் மாடல் கோப்பின் அடையாளக் குறியான ஹாஷ் ஒத்துப்போகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

Settings பகுதியில் Random number generator source என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதை CPU என்று வைத்து, ஒரு சொல்லையும் மாற்றாமல் முதலில் பழைய படத்தையே வரவழையுங்கள். Steps எண்ணிக்கையைத் தொடாதீர்கள். Euler a ஒவ்வொரு படியிலும் புதிதாக இரைச்சல் சேர்ப்பதால், 28 என்பதை 30 ஆக்கினால்கூட வேறு படம் வரக்கூடும்.

பழைய படம் வந்த பிறகு மல்லிகை என்ற சொல்லை மாற்றி மறுபடி ஓட்ட வேண்டாம். விவரிப்பின் ஒவ்வொரு சொல்லும் படம் முழுவதையும் இழுக்கும். சோப்புக்காரருக்குத் துணி மட்டும் மாறியது அவருடைய அதிர்ஷ்டம். படத்தின் ஓர் இடத்தை மட்டும் திருத்தும் Inpaint பகுதிக்குச் சென்று, மாற்ற வேண்டிய இடத்தைக் காட்டும் மாஸ்கைச் சரத்தின் மேல் மட்டும் சற்றுத் தாராளமாக வரைந்து, எவ்வளவு மாற்றலாம் என்பதைச் சொல்லும் Denoising strength அளவை 0.7 அருகே வையுங்கள். 0.3 என்று வைத்தால் வெள்ளைச் சரம் வெள்ளையாகவே நிற்கும். மாஸ்குக்கு வெளியே இருப்பதை மென்பொருள் மூலப் படத்திலிருந்தே எடுத்து ஒட்டிவிடுவதால் விளக்கு அசையாது.

ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒப்புதல் பெற்ற அந்த மூலக் கோப்பு இருந்திருந்தால் சீட் எண்ணே தேவைப்பட்டிருக்காது. நேராக அதன் மேலேயே மாஸ்க் வரைந்திருக்கலாம்.

பீஷான்_தையலகம்

எனக்கும் இதே கதைதான், ஆனால் நான் பயன்படுத்துவது ComfyUI என்ற வேறொரு பட மென்பொருள். ரவிக்கை மாதிரிப் படம் ஒன்று வாடிக்கையாளருக்குப் பிடித்துப்போகவே, திரையில் தெரிந்த சீட் எண்ணைக் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். மறுவாரம் அந்த எண்ணைக் கொடுத்தால் நான் ஒருபோதும் பார்த்திராத ஒரு ரவிக்கை வந்தது. control after generate என்ற இடத்தில் randomize இருந்ததால், படம் முடிந்ததும் திரையில் நின்றது அடுத்த படத்துக்கான எண்ணாம். அதாவது, இன்னும் பிறக்காத படத்தின் எண்ணை எழுதி வைத்திருக்கிறேன்! சேமித்த PNG கோப்பைத் திரையில் இழுத்துப் போட்டபோதுதான் சரியான எண் கிடைத்தது. தம்பி, நீங்களும் எண்ணைத் தவறாக எழுதியிருக்க வாய்ப்பிருக்கிறது.

கோப்பை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் உள்ளே எழுதியிருக்கும் அமைப்புகள் காணாமல் போய்விடும் என்பதால், நான் இப்போது வாடிக்கையாளர் பெயரில் ஒரு கோப்புறை வைத்து, மூலக் கோப்பு, மாடல் கோப்பு, ஒப்புதல் வந்த செய்தியின் திரைப்பிடிப்பு ஆகிய மூன்றையும் அதில் போட்டு, இரண்டு வட்டுகளில் சேமிக்கிறேன். மாடல் கோப்பு பல ஜிபி இடம் பிடிக்கும் என்று என் மகன் முணுமுணுக்கிறான். பிடிக்கட்டும்.

உட்லண்ட்ஸ்_சோப்புக்காரர்

அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டீர்கள், அச்சகத்தாரே. நான்கு முறை நிறத்தை மாற்றியிருக்கிறேன். நான்கு முறையும் கல் அசையவில்லை. நான்கு முறையும் அதிர்ஷ்டமா?

தேக்கா_வடிவமைப்பாளன்

தையலக அக்கா, எண் சரிதான். மென்பொருள் எழுதிய வரியை அப்படியே நகலெடுத்திருந்தேன். CPU என்று மாற்றி ஓட்டியதும் விளக்கு இடப்பக்கத்துக்கே திரும்பியது. அச்சுக் கோப்பை அதன் மேல் வைத்து, வேறுபாடு காட்டும் கலப்பு முறையில் பார்த்தேன். பெட்டியையும் வாழ்த்து எழுத்துகளையும் விட்டுவிட்டால் மற்ற இடமெல்லாம் ஏறக்குறையக் கறுப்பு. சுடரின் நுனியிலும் இலை விளிம்பிலும் மட்டும் மெல்லிய கீற்றுகள் தெரிந்தன. மாஸ்கில் 0.55 அளவில் வெளிறிய மஞ்சளாக ஏதோ வந்தது. 0.7-இல் சாமந்தி சாமந்தியாகவே வந்தது, ஆனால் சரத்தின் நிழல் மாஸ்குக்கு வெளியே பழையபடியே நின்றதால், நிழலையும் சேர்த்து மறுபடி வரைந்தேன்.

சோப்புக்காரர் சொன்னதையும் சோதித்துப் பார்த்தேன். மாஸ்க் இல்லாமல் சொல்லை மட்டும் மாற்றியபோது விளக்கு அதே இடத்தில் நின்றது, ஆனால் வாழையிலை சுருண்டுகொண்டது. அவருடைய துணிக்கு ஏன் அப்படி நடக்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

ஐயா படத்தைப் பெரிதாக்கிச் சுடரையே சிறிது நேரம் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார். இப்போது கடை முகப்புக்கு இதையே இரண்டு மடங்கு அகலத்தில் கேட்கிறார். Size பகுதியில் அகலத்தை மட்டும் கூட்டினால் போதுமா?

ஊபி_அச்சகம்

கூட்டாதீர்கள். அளவு மாறினால் இரைச்சலும் மாறிவிடும். மறுபடியும் "இது என் விளக்கு இல்லையே" என்பார். இப்போதுள்ள படத்தை நடுவில் வைத்து, இருபுறமும் காலியாக உள்ள இடத்தை மட்டும் மாஸ்க் வைத்து நிரப்புங்கள். மேசைப் பலகையின் கோடுகள் சேருமிடத்தில் பிசிறு தெரியும். அதைக் கையால்தான் சரிசெய்ய வேண்டியிருக்கும். கோப்பைத் தனியாக எடுத்து வைத்துவிட்டீர்கள் அல்லவா?